கூட்டக் குறிப்பில் ஊகம் நுழையாமல் காப்பது எப்படி: தெளிவில்லாத பேச்சை அடையாளமிட்டு எழுதும் முறை

குடியிருப்போர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், பெற்றோர் ஆசிரியர் கழகம், சிறு நிறுவனம் என எங்கு பார்த்தாலும் இப்போது கூட்டங்களைக் கைபேசியில் பதிவு செய்கிறார்கள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டு ஒருவர் பேச்சை அப்படியே எழுத்துப்படியாக இறக்குகிறார். பிறகு அவரோ இன்னொருவரோ அதிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம் தயாரிக்கிறார். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக எழுதப்படும் இக்கட்டுரை, அதில் ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. எழுத்துப்படியில் ஒரு பேச்சு இரண்டு விதமாகப் பொருள்படும்போது, அல்லது பொருளே பிடிபடாதபோது, சுருக்கத்தில் அதை எப்படி எழுதுவது என்பதே அப்பகுதி.

விளக்கத்திற்காக நான் அமைத்த ஒரு மாதிரிக் கூட்டத்தைக் கட்டுரை முழுவதும் பயன்படுத்துகிறேன். சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. உரிமையாளர் சங்கத்தின் கூட்டம் 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை மாலை நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதானதைப் பற்றிய பேச்சு எழுத்துப்படியில் இவ்வாறு இருக்கிறது:

00:14:05 செயலாளர்: போர்வெல் மோட்டார் மறுபடியும் காயில் போயிடுச்சு. ரீவைண்டிங் பண்ணினா கொஞ்ச நாள்தான் ஓடும். புதுசு வாங்கறதுதான் நல்லது.

00:14:31 பொருளாளர்: அவங்க கொட்டேஷன் குடுத்திருக்காங்க. அம்பது வரும்னு சொன்னாங்க.

00:14:40 உறுப்பினர் 1: அதுல பைப்பும் சேர்த்தா?

00:14:43 பொருளாளர்: ஆமா... இல்ல, அதையும் சேர்த்துதான் பார்க்கணும்.

00:14:52 தலைவர்: சரி, அப்ப பண்ணிடலாம்.

00:14:55 உறுப்பினர் 2: ஏற்கெனவே அவருக்கு பாக்கி இருக்கே, அதைக் குடுத்துட்டுப் பண்ணுங்க.

00:15:03 தலைவர்: அதையும் பார்த்துக்கலாம். அடுத்த வெள்ளிக்குள்ள முடிச்சிடணும். நாங்க பேசிடறோம்.

புதியவர் ஒருவர் இதிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்: “புதிய ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் குழாய் உட்பட ரூ. 50,000-க்கு வாங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒப்பந்ததாரருக்கு உள்ள பழைய பாக்கி தீர்க்கப்படும். ஜூன் 13-க்குள் பணி முடிக்கப்படும். பொறுப்பு: தலைவர், செயலாளர்.” படிக்கத் தெளிவாக இருக்கிறது, பிழை எதுவும் கண்ணில் படாது. ஆனால் தொகை, குழாய், தீர்மானம், பாக்கி யாருக்கு என்பது, பாக்கி தீரும் என்ற உறுதி, தேதி, எது முடியும் என்பது, பொறுப்பு என எட்டு இடங்களில் எழுதியவரின் ஊகம் உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்திற்கு வராத ஒரு வீட்டுக்காரர் இதைப் படித்தால் எது பேசப்பட்டது, எது ஊகிக்கப்பட்டது என்று பிரித்தறிய வழியே இல்லை. பேச்சில் இருந்த தயக்கம் எழுத்தில் உறுதியாக மாறிவிட்டது.

முதல் வாசிப்பில் எதையும் எழுத வேண்டாம்

எழுத்துப்படியை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை படித்து முடிக்கும் வரை சுருக்கத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். படித்துக்கொண்டே எழுதினால், பதினான்காவது நிமிடத்தில் எழும் ஐயத்தை அங்கேயே ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்துத் தீர்த்துவிடத் தோன்றும். முப்பத்தொன்றாவது நிமிடத்தில் அதற்குப் பதில் வந்தாலும், ஏற்கெனவே எழுதிய வரிக்கு ஏற்பத்தான் அதைப் படிப்பீர்கள். முதல் வாசிப்பில் செய்ய வேண்டியது, தடுக்கும் இடங்களில் எழுத்துப்படியிலேயே குறி போட்டுக்கொண்டு போவது மட்டும்தான்.

குறிகள் மூன்று வகை போதும். காதில் சரியாக விழாத சொல்லுக்கு ஒன்று. சொல் தெளிவாகக் கேட்டும் அது யாரை, எதை, எந்த நாளைச் சுட்டுகிறது என்று தெரியாத இடத்திற்கு ஒன்று. சொல்லும் சுட்டும் தெளிவாக இருந்தும், பேசியவர் முடிவு சொன்னாரா, யோசனை சொன்னாரா, வெறுமனே தலையாட்டினாரா என்று தெரியாத இடத்திற்கு ஒன்று. நான் [கேட்பு?], [சுட்டு?], [முடிவா?] என்று எழுதுவது வழக்கம். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றையும் வெறும் கேள்விக்குறியாக ஒன்றாக்கிவிடாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொன்றையும் தீர்க்கும் வழி வேறு. முதல் வகைக்கு ஒலிப்பதிவிடம் போக வேண்டும். இரண்டாம் வகை பெரும்பாலும் எழுத்துப்படியின் வேறு பகுதியிலோ கூட்டத்தில் வைக்கப்பட்ட தாள்களிலோ தீரும். மூன்றாம் வகை பேசியவரைக் கேட்காமல் தீர்வது அரிது.

இப்படிப் பிரித்துக் குறிப்பது புதிய வழக்கமல்ல. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமான விபத்துகளை விசாரிக்கும்போது விமானி அறை ஒலிப்பதிவை எழுத்துப்படியாக வெளியிடுகிறது. அதில் புரியாத சொல்லுக்கு உடுக்குறியும், இன்ன சொல்லாக இருக்கலாம் என்று ஐயத்தோடு எழுதியதற்குப் பிறை அடைப்பும், பதிவில் இல்லாமல் எழுதுபவர் சேர்த்த விளக்கத்திற்குப் பகர அடைப்பும் இடுகிறார்கள். பல பேர் சேர்ந்து, நல்ல கருவிகளோடு, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதும் இடத்திலேயே “கேட்கவில்லை” என்று எழுதத் தயங்குவதில்லை. மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே மேசை மேல் வைத்த கைபேசியில் பதிவானதைக் கேட்டு எழுதும் நாம் தயங்க என்ன இருக்கிறது?

காதில் விழுந்தது என்ன

மாதிரியில் முதலில் தடுக்க வேண்டிய இடம் 00:14:31-இல் வரும் “அம்பது”. எழுத்துப்படி ஐயமில்லாமல் எழுதியிருக்கிறது. ஆனாலும் பணத்தொகை, தேதி, பெயர் ஆகிய மூன்றையும் எழுத்துப்படி எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் ஒலிப்பதிவில் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. அவற்றை வேறுபடுத்தும் ஒலி சொல்லின் தொடக்கத்தில் இருக்கிறது. ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் தொடங்கும் கூட்டங்களில் விழுங்கப்படுவதும் அந்தத் தொடக்கம்தான். காதுக்கு வந்து சேர்வது “...பது” என்ற வால் மட்டும், மீதியை எழுதுபவர் தாம் எதிர்பார்த்த தொகையைக் கொண்டு நிரப்பிவிடுகிறார்.

கேட்கும் முறையும் முக்கியம். குறித்த நொடிக்கு முன்னால் பத்து நொடியிலிருந்து தொடங்கி, காதொலிப்பான் வைத்து, இயல்பான வேகத்தில் இருமுறையும் பிறகு சற்று மெதுவாக ஒருமுறையும் கேளுங்கள். மிகவும் மெதுவாக்கினால் ஒலி இழுபட்டு, எதை நினைத்துக் கேட்கிறோமோ அதுவே கேட்கத் தொடங்கும். அடுத்து, எழுத்துப்படியைப் பார்க்காத ஒருவரிடம், என்ன தொகை என்று முன்கூட்டிச் சொல்லாமல், கேட்கச் சொல்லுங்கள். “அம்பதுன்னு சொல்றாங்களா பாரு” என்று கேட்டால் அவருக்கும் அம்பதுதான் கேட்கும். “இந்த இடத்தில் என்ன சொல்கிறார்கள்?” என்று மட்டும் கேளுங்கள். நம் மாதிரியில் அவர் “அறுபது மாதிரி இருக்கு” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காதுகள் இரண்டு விதமாகக் கேட்டால் உங்கள் காது மூத்தது என்பதற்காக அது வென்றுவிடாது. எழுத்துப்படியில் “[அம்பது / அறுபது - கேட்பு? 00:14:33]” என்று திருத்திவிட்டு மேலே போக வேண்டும்.

தொகைக்குப் பின்னால் “ஆயிரம்” என்ற சொல் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். இதற்குக் குறி தேவையில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஐம்பது ரூபாய்க்கும் வராது, ஐம்பது லட்சத்திற்கும் வராது. அறையில் இருந்த எவருக்கும் வேறு பொருள் தோன்றியிருக்காது. ஊகம் எல்லாமே குற்றம் என்று எடுத்துக்கொண்டால் இந்த வேலையைச் செய்யவே முடியாது. பேச்சு எப்போதும் பாதியைச் சொல்லாமல் விடும். அங்கிருந்த அனைவரும் ஒரே விதமாக நிரப்பியிருக்கக்கூடியதை நீங்களும் நிரப்பலாம். இருவர் இரு விதமாக நிரப்பியிருக்கக்கூடியதைத்தான் நிரப்பக் கூடாது.

பதிவுக்குள்ளேயே விடை தேடுதல்

அடுத்ததாக, குறியிட்ட ஒவ்வோர் இடத்திற்கும் கூட்டத்திற்குள்ளேயே விடை இருக்கிறதா என்று தேட வேண்டும். கூட்டத்திற்குள் என்றால் ஒலிப்பதிவு, எழுத்துப்படி, நிகழ்ச்சி நிரல், கூட்டத்தில் வைக்கப்பட்ட தாள்கள் ஆகியவை. உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரிந்த செய்தி, “பொருளாளர் எப்போதும் அந்தக் கடையில்தான் வாங்குவார்” என்பது போன்றது, இதில் சேராது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் சுருக்கத்தைப் படிப்பவர் அதைச் சரிபார்க்க முடியாது.

நம் மாதிரியில் இந்தத் தேடல் ஒரு குறியைத் தீர்க்கிறது, இன்னொன்றைத் தீர்ப்பது போலக் காட்டி ஏமாற்றப் பார்க்கிறது. குழாய் பற்றி 00:14:43-இல் பொருளாளர் “ஆமா... இல்ல” என்று இரண்டும் சொல்லிவிட்டார், “அதையும் சேர்த்துதான் பார்க்கணும்” என்பது குழாய்ச் செலவு அந்தத் தொகைக்குள் அடங்கும் என்றும் பொருள்படும், தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்றும் பொருள்படும். ஆனால் வேறொரு செலவைப் பற்றிப் பேசும்போது 00:31:10-இல் அவரே “மோட்டார் வாங்கினாலும் பைப்புக்குத் தனியா பில் வரும்” என்கிறார். பேசியவரே, அதே கூட்டத்தில், ஐயமில்லாமல் சொல்லிவிட்டதால் குழாய் பற்றிய குறியை எடுத்துவிடலாம். எடுக்கும்போது எந்த நேரத்துப் பேச்சை வைத்து எடுத்தீர்கள் என்பதை எழுத்துப்படியின் ஓரத்தில் குறித்துவைக்க வேண்டும்.

தொகையில்தான் சறுக்கல் காத்திருக்கிறது. சங்கத்தின் கோப்பில் ரூ. 58,500 என்று ஒரு விலைப்புள்ளி இருக்கிறது. அதைக் கண்டதும், “அறுபது” என்று தோராயமாகச் சொல்லியிருக்கிறார், ஐயம் தீர்ந்தது என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் 00:06:20-இல் செயலாளர் “ரெண்டு இடத்துல கேட்டிருக்கோம்” என்கிறார். கோப்பில் இருப்பது ஒரு விலைப்புள்ளி மட்டும். “அவங்க” என்று பொருளாளர் சொன்னது இந்த நிறுவனமா, இன்னும் தாள் கொடுக்காத மற்றதா? “அவங்க” ஒரு நிறுவனத்தையும் குறிக்கும், ஒரு தனி மனிதரை மரியாதையாகவும் குறிக்கும், பலரையும் குறிக்கும், சொல்லே உதவாது. ஆகவே இந்தத் தாளைச் சுருக்கத்தில் குறிப்பிடலாம், ஆனால் பொருளாளர் சொன்ன தொகை இதுதான் என்று கட்டிவிட முடியாது. கையில் கிடைத்த ஒரு தாள் பேச்சோடு ஏறக்குறைய பொருந்துவது ஊகத்திலேயே நம்பத் தூண்டும் வகை; புதியவர்களைவிடப் பழகியவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பது என் எண்ணம், கோப்பைத் தேடிப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்குத்தான் உண்டு.

முடிவா, பேச்சா

மூன்றாம் வகையே கூட்டக் குறிப்பில் அதிகத் தொல்லை தருவது; இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். “சரி, அப்ப பண்ணிடலாம்” என்று தலைவர் சொன்னது தீர்மானமா? “சரி” என்பது ஒப்புதலாகவும் இருக்கலாம், “நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, மேலே போகலாம்” என்பதாகவும் இருக்கலாம். “பண்ணிடலாம்” என்பது செய்வோம் என்ற முடிவாகவும் இருக்கலாம், செய்தால் நல்லது என்ற யோசனையாகவும் இருக்கலாம். அவர் எதைப் பண்ணலாம் என்றார் என்பதும் திறந்தே இருக்கிறது: மோட்டார் வாங்குவதையா, குழாயையும் சேர்த்துப் பார்ப்பதையா?

இதற்குச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதைச் சுற்றி நடந்ததைப் பார்க்க வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் என்று எவராவது பேசினார்களா? கை தூக்கச் சொன்னார்களா? எதிர்ப்பு உண்டா என்று தலைவர் கேட்டாரா? அதற்குப் பிறகு பேசியவர்கள் விஷயம் முடிந்துவிட்டதாக வைத்துப் பேசுகிறார்களா, இன்னும் முடியாததாகப் பேசுகிறார்களா? கடைசிக் கேள்வி பல நேரங்களில் உதவும். நம் மாதிரியில் உறுப்பினர் 2 “அதைக் குடுத்துட்டுப் பண்ணுங்க” என்கிறார். வாங்குவது முடிவாகிவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது. ஆனால் பதினாறு நிமிடம் கழித்துப் பொருளாளர் “வாங்கினாலும்” என்கிறார். அவர் மனத்தில் அது இன்னும் முடிவாகவில்லை போலிருக்கிறது. குழாய்க் கேள்வியைத் தீர்த்துவைத்த அதே வாக்கியம் தீர்மானக் கேள்வியைத் திறந்துவிடுகிறது. அறையில் இருந்த இருவரே இரு விதமாகப் புரிந்துகொண்டிருக்கும்போது, வெளியிலிருந்து படிக்கும் நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நடக்காத ஒரு வாக்கெடுப்பை நீங்களே நடத்தி முடித்ததாகிவிடும்.

“அதையும் பார்த்துக்கலாம்” என்பதும் இந்த வகைதான். பாக்கியைத் தருவோம் என்ற உறுதியாகவும், இப்போது அந்தப் பேச்சு வேண்டாம் என்று மென்மையாக ஒதுக்குவதாகவும் நாம் அன்றாடம் இதைப் பயன்படுத்துகிறோம். குரலின் தொனியை வைத்து ஓரளவு தெரியலாம். ஆனால் தொனியை நம்பி ஒரு சங்கத்தின் கடனைத் தீர்ப்பதாக எழுதக் கூடாது.

“நாங்க பேசிடறோம்” என்பதில் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக்கொள்ளலாம். “நாம” என்று சொல்லாமல் “நாங்க” என்றதால் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர் அதில் இல்லை என்பது தெரிகிறது. தலைவரோடு இன்னும் யாரோ இருக்கிறார் என்பதும் தெரிகிறது. அந்த இன்னொருவர் செயலாளரா, பொருளாளரா, செயற்குழு முழுவதுமா என்பது தெரியவில்லை. யாரிடம் பேசுவார்கள் என்பதும் தெரியவில்லை. சுருக்கத்தில் “தலைவர் பேசுவதாகக் கூறினார், உடன் யார் என்பது குறிப்பிடப்படவில்லை” என்று எழுதினால் தெரிந்தது எதுவும் வீணாகாது, தெரியாதது எதுவும் நுழையாது.

“அடுத்த வெள்ளி” ஞாயிற்றுக்கிழமை சொல்லப்பட்டது. சிலருக்கு அது ஜூன் 13. வருகிற வெள்ளியை விட்டு அதற்கடுத்ததை அப்படிச் சொல்பவர்களுக்கு ஜூன் 20. அதற்குள் முடிய வேண்டியது மோட்டார் பொருத்தும் வேலையா, பேச்சுவார்த்தையா என்பது தனிக் கேள்வி.

எந்தக் குறி சுருக்கத்திற்குப் போக வேண்டும்

எழுத்துப்படியில் இட்ட குறிகள் அனைத்தையும் சுருக்கத்திற்குக் கொண்டுபோனால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும் முக்கியமான ஐயம் எது என்று தெரியாது. ஒவ்வொரு குறிக்கும் ஒரே சோதனைதான்: இரண்டு பொருள்களில் எது சரி என்பதைப் பொறுத்து யாராவது செய்யப்போவது மாறுமா? யார் செய்ய வேண்டும், எவ்வளவு செலவாகும், எப்போது, முடிவானதா இல்லையா ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று மாறினால் குறி சுருக்கத்திற்குப் போகும். மாறாவிட்டால் எழுத்துப்படியோடு நின்றுவிடும். மோட்டார் ரீவைண்டிங் செய்தால் “கொஞ்ச நாள்” ஓடும் என்றாரே, அது எத்தனை நாள் என்று தெரியவில்லை. ஆனால் யாரும் ரீவைண்டிங் செய்யச் சொல்லாத நிலையில் அது சுருக்கத்தில் இடம்பெற வேண்டியதில்லை. ரீவைண்டிங்கா, புதியதா என்று விவாதம் நீண்டிருந்தால் அதே “கொஞ்ச நாள்” கட்டாயம் இடம்பெற்றிருக்கும்.

குறியை எழுதும் விதம்

சுருக்கத்தில் ஐயத்தைச் சொல்லும் வாக்கியத்தில் மூன்று இருக்க வேண்டும்: பேசப்பட்ட சொற்கள் அப்படியே மேற்கோளில், அது பதிவில் வரும் நேரம், எந்த இரண்டு பொருள்களுக்கு இடையே ஐயம் என்பது. “தொகை தெளிவில்லை” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஐம்பதா அறுபதா என்ற அளவுக்கு ஐயம் சுருங்கியிருக்கிறது என்பதே ஒரு செய்தி. அதே நேரம் “அனேகமாக”, “பெரும்பாலும்” என்று ஒரு பக்கம் சாய்க்கும் சொற்களைச் சேர்க்காதீர்கள். சுருக்கம் கைமாறிப் போகும்போது முதலில் உதிர்வது இச்சொற்கள்தான். வாட்ஸாப் குழுவில் இரண்டாவது முறை பகிரப்படும்போது “அனேகமாக 60,000” என்பது “60,000” ஆகிவிடும்.

குறி நிற்க வேண்டிய இடமும் முக்கியம். எல்லா ஐயங்களையும் கடைசியில் ஒரு பட்டியலாகப் போட்டுவிட்டு மேலே வாக்கியங்களை உறுதியாக எழுதுவது கண்ணியமான வேலை போலத் தெரியும். ஆனால் மேலே உள்ளதை மட்டும் நகலெடுத்துப் பயன்படுத்துவார்கள். ஐயம் எந்த வாக்கியத்தைப் பற்றியதோ அந்த வாக்கியத்திற்குள்ளேயே இருக்க வேண்டும். நம் மாதிரியின் சுருக்கம் இப்போது இப்படி அமையும்:

“ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் காயில் மீண்டும் பழுதானதால் புதியது வாங்குவதே நல்லது என்று செயலாளர் கூறினார். கிடைத்துள்ள விலை ‘[அம்பது / அறுபது]’ ஆயிரம் என்று பொருளாளர் தெரிவித்தார் (00:14:33, பதிவில் சொல் தெளிவாக இல்லை, இரண்டு இடங்களில் விலை கேட்டதில் இது எவருடையது என்பதும் குறிப்பிடப்படவில்லை. கோப்பில் ரூ. 58,500-க்கு ஒரு விலைப்புள்ளி உள்ளது). குழாய்க்குத் தனிப் பட்டியல் வரும் (00:31:10). தலைவர் ‘சரி, அப்ப பண்ணிடலாம்’ என்றார் (00:14:52). இது வாங்குவதற்கான முடிவா என்பது உறுதி செய்யப்பட வேண்டும், முறைப்படி தீர்மானம் எதுவும் பதிவில் இல்லை. பழைய பாக்கியைக் கொடுத்த பிறகு வாங்குமாறு ஓர் உறுப்பினர் கேட்டார். பாக்கி யாருக்கு, எவ்வளவு என்பது சொல்லப்படவில்லை. தலைவர் ‘அதையும் பார்த்துக்கலாம்’ என்று பதிலளித்தார். ‘அடுத்த வெள்ளிக்குள்ள’ (ஜூன் 13 அல்லது 20) முடிக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். முடிக்க வேண்டியது பேச்சா, மோட்டார் பொருத்துவதா என்பது தெளிவில்லை. தலைவர் பேசுவதாகக் கூறினார். உடன் யார், யாரிடம் என்பது குறிப்பிடப்படவில்லை.”

முதலில் பார்த்த சுருக்கத்தைவிட இது நீளம், அழகும் குறைவுதான். ஆனால் செயலாளர் இதைப் படித்தால், கடைக்காரருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் எந்தெந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். “பார்த்துக்கலாம்” என்பதற்கு மட்டும் நான் விளக்கம் சேர்க்காததைக் கவனியுங்கள். சொல் மேற்கோளில் நிற்கும்போதே அதன் வழுவழுப்பு தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். எல்லாவற்றுக்கும் உரை எழுத வேண்டியதில்லை.

கேட்பதும், பதிலைப் பதிவதும்

சுருக்கத்தை எல்லாருக்கும் அனுப்பும் முன், பேசியவரிடமே கேளுங்கள். பேசியவரின் நண்பரிடமோ அருகில் அமர்ந்திருந்தவரிடமோ கேட்டால் கிடைப்பது இன்னோர் ஊகம். கேள்வியில் விடை ஒளிந்திருக்கக் கூடாது. “சார், அம்பதாயிரம்தானே சொன்னீங்க?” என்று கேட்டால், வேலை அவசரத்தில் இருப்பவர் “ஆமா ஆமா” என்று சொல்லிவிடுவார், தமக்கே நினைவில்லாவிட்டாலும். “மோட்டாருக்கு நீங்க சொன்ன விலை பதிவுல சரியாக் கேட்கலை சார். எவ்வளவு, யார் குடுத்த விலைன்னு சொல்ல முடியுமா?” என்பது போல எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஒரு செய்தியில் ஒரு கேள்வி என்பது நல்ல பழக்கம். நான்கைச் சேர்த்து அனுப்பினால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

பதில் வந்ததும் குறியை அழித்துவிட்டு விடையை அந்த இடத்தில் வைத்துவிடக் கூடாது. ஜூன் 8 அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் கேட்டது ஒன்று. ஜூன் 10 அன்று பொருளாளர் உங்களுக்கு எழுதியது வேறொன்று. “ரூ. 58,500 எனப் பொருளாளர் ஜூன் 10 அன்று எழுத்தில் தெளிவுபடுத்தினார்” என்று தேதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை வைத்து எழுத்துப்படியைத் திருத்தவே வேண்டாம். அது பதிவில் கேட்டதை மட்டும் சொல்லட்டும்.

தொகை, பெயர், தேதி ஆகியவற்றைப் பேசியவரே தெளிவுபடுத்திவிட முடியும். தீர்மானம் நிறைவேறியதா என்பதை அப்படித் தீர்க்க முடியாது. தலைவரைக் கேட்டால் “நான் முடிவாகத்தான் சொன்னேன்” என்பார். அவர் நேர்மையாகவே சொல்லலாம். ஆனால் முடிவு கூட்டத்தினுடையது, மற்ற உறுப்பினர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்றால் தலைவரின் விளக்கம் அதை முடிவாக்காது. இந்த வகைக் குறி அடுத்த கூட்டம் வரை நிற்க வேண்டும், அல்லது சங்கத்தின் விதிகள் இடம் கொடுத்தால் உறுப்பினர்களிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும்.

இதற்கு எவ்வளவு காலம் கொடுப்பது என்று தயங்குபவர்கள் இந்தியாவில் நிறுவனங்களின் இயக்குநர் குழுக் கூட்டங்களுக்கான செயலக நெறிமுறையைப் பார்க்கலாம். கூட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் வரைவுக் குறிப்பை இயக்குநர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் 7 நாட்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். 30 நாட்களுக்குள் குறிப்பு ஏட்டில் பதிவாக வேண்டும். பதிவான பிறகு திருத்தம் தேவை என்றால் அடுத்த கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். குடியிருப்புச் சங்கத்தை இது கட்டுப்படுத்தாது. ஆனால் வரைவு, கருத்து, இறுதி என்று மூன்றாகப் பிரிக்கும் இந்த ஏற்பாடு நம் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. வரைவில் குறிகள் எல்லாம் இருக்கும். கருத்துக் காலத்தில் பல தீரும். தீராதவை இறுதிக் குறிப்பில் அப்படியே நிற்கும்.

“இப்படி அரைகுறையாக எழுதி அனுப்பினால் நம் சங்கத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள், அந்த அடைப்புகளை எடுத்துவிடுங்கள்” என்று ஒருவராவது சொல்வார். அப்போது வாதம் வேண்டாம். எந்தப் பொருளை எழுத வேண்டும் என்று அவரே எழுத்தில் தரட்டும், “இன்னார் இன்ன தேதியில் தெளிவுபடுத்தியபடி” என்று அவர் பெயரோடு சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். உண்மையில் தெரிந்தவர் உடனே எழுதிக் கொடுப்பார். அந்தக் குறி முறையாகத் தீர்ந்துவிடும். தெரியாதவர் அடைப்பை விட்டுவிடச் சொல்வார்.

ஒலிப்பதிவையும் குறியிட்ட எழுத்துப்படியையும் அடுத்த கூட்டம் குறிப்பை ஏற்று ஒப்பமிடும் வரை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரில் கூட்டத் தேதியையும், வரைவா இறுதியா என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் குறிகள் நிறைந்த வரைவு ஒரு குழுவிலும் இறுதிக் குறிப்பு இன்னொரு குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும், கடைக்காரரிடம் எதைக் காட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.